கிணற்று நீரின் மொத்தக் கடினத்தன்மை: முடிவுப்புள்ளியைச் சரியாகக் காண்பது

கிணற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்ததே அதன் மொத்தக் கடினத்தன்மை, அதை இ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்த்து, கால்சியம் கார்பனேட்டின் அளவாகக் குறிக்கிறோம். ஒரு பியூரெட், ஒரு பிப்பெட், சில கூம்புக் குடுவைகள் இருந்தால் சிறிய ஆய்வகத்திலும் இதைச் செய்துவிடலாம்.

இ.டி.டி.ஏ.வின் டைசோடியம் உப்பு 3.723 கிராமைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கினால் 0.01 மோலார் கரைசல் கிடைக்கும். இதில் 1 மி.லி. ஏறத்தாழ 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். இந்த "ஏறத்தாழ" என்பதை நம்பிவிடாமல், 1 மி.லி.க்கு 1 மி.கி. கொண்ட திட்டக் கால்சியம் கரைசலைக் கொண்டு முதலில் சரிபார்க்க வேண்டும். நிறங்காட்டியான எரியோகுரோம் பிளாக் டி, கரைசலாக வைத்தால் விரைவில் கெட்டுவிடும் என்பதால், அதில் 0.5 கிராமை 100 கிராம் சோடியம் குளோரைடுடன் அரைத்துப் பொடியாக வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன்.

கிணற்று நீர் 25 மி.லி.யைக் குடுவையில் எடுத்து, காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 50 மி.லி. ஆக்குங்கள். அம்மோனியா தாங்கல் கரைசல் 1 அல்லது 2 மி.லி. சேர்த்தால் பி.எச். 10-ஐ ஒட்டி நிற்கும். பிறகு ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவியதும் நீர் ஒயின் சிவப்பாகும். தாங்கல் கரைசலைச் சேர்த்த பின் காத்திருந்தால் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகி அளவு குறைந்துவிடும். ஆகவே ஐந்து நிமிடங்களுக்குள் தரம்பார்த்து முடியுங்கள்.

பியூரெட்டிலிருந்து இ.டி.டி.ஏ. கரைசலை முதலில் சற்று வேகமாக விடலாம். சிவப்பு ஊதாவாக மாறத் தொடங்கியதும் சில விநாடிகளுக்கு ஒரு துளி என்று குறைத்து, குடுவையை வெள்ளைத் தாளின் மேல் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருங்கள். சிவப்புச் சாயல் துளியும் இல்லாத தூய நீலமே முடிவுப்புள்ளி. ஊதாவிலேயே நிறுத்திவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

நீலம் சட்டென்று வராமல் இழுத்துக்கொண்டே போனால் அதற்குக் காரணம் உண்டு. இந்த நிறங்காட்டி கால்சியத்தைவிட மக்னீசியத்தையே உறுதியாகப் பற்றுகிறது. மக்னீசியம் மிகக் குறைந்த நீரில் நிறமாற்றம் மங்கலாகவே இருக்கும். அதனால்தான் தாங்கல் கரைசலிலேயே சிறிதளவு மக்னீசியம் இ.டி.டி.ஏ. உப்பைச் சேர்க்கிறார்கள். அது சேர்த்திருந்தும் மங்கினால், அடிக்கடி திறந்த பாட்டிலிலிருந்து அம்மோனியா வெளியேறிப் பி.எச். இறங்கியிருக்கலாம், ஒருமுறை அரைநாள் முழுதும் நிறங்காட்டியைச் சந்தேகித்த பிறகுதான் பழைய தாங்கல் கரைசலே காரணம் என்று கண்டேன். நீரில் இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள் இருந்தாலும் முடிவுப்புள்ளி மறையும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். திட்டக் கால்சியம் கரைசல் 25.0 மி.லி.க்கு, வெற்றுச் சோதனை அளவைக் கழித்தபின், இ.டி.டி.ஏ. 25.4 மி.லி. செலவாயிற்று, ஆகவே அதன் 1 மி.லி. 0.984 மி.கி.க்குச் சமம். கிணற்று நீர் 25 மி.லி.க்கு 12.4 மி.லி.யும், காய்ச்சி வடித்த நீரில் செய்த வெற்றுச் சோதனைக்கு 0.1 மி.லி.யும் ஆயின.

```
(12.4 - 0.1) × 0.984 × 1000 / 25 = 484
```

அதாவது, லிட்டருக்கு 484 மி.கி. இதில் ஒரு துளியான 0.05 மி.லி. மிகுந்தாலே முடிவு ஏறத்தாழ 2 மி.கி. கூடிவிடும். அதனால் ஒரே நீரை மூன்று முறை தரம்பார்த்து, 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும் இரண்டு அளவுகளின் சராசரியை மட்டுமே நான் பதிவேட்டில் எழுதுகிறேன்.