போட்டோவில் படகை அளந்தால் ± எவ்வளவு போடுவது?

கடலூர் சில்வர் பீச்சில் மணலில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகு ஒன்றின் நீளத்தை மொபைல் போட்டோவிலிருந்து கணக்கிடுவோம். 2 மீட்டர் கம்பு, டேப், பிக்சல் எண்களைக் காட்டும் ஏதாவது ஒரு செயலி போதும். கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்காக.

1. படம் எடுப்பது. படகின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே, அதன் நடுக்கோட்டிலிருந்து 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கம்பை நம் பக்க விளிம்பை ஒட்டி நிமிர்த்தி வைத்து, 2 மடங்கு ஜூமில் எடுங்கள். படத்தின் ஓரங்களில் லென்ஸ் கோடுகளை வளைக்கும். படகு ஓரத்தைத் தொடாமல் இருக்கட்டும்.

2. கணக்கு. கம்பு 640 பிக்சல், படகு முனையிலிருந்து முனை வரை 2,912 பிக்சல். 2,912 ÷ 640 × 2 = 9.10 மீட்டர்.

3. ஒருபக்கப் பிழையைத் திருத்துவது. படகின் இரு முனைகளும் நடுக்கோட்டில் இருக்கின்றன. கம்போ அதைவிட 1 மீட்டர் கேமராவுக்கு அருகில், அதாவது 19 மீட்டரில் நிற்கிறது. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும். அதனால் படகு சிறிதாகக் கணக்காகிவிட்டது. எத்தனை முறை அளந்தாலும் இது ஒரே பக்கமாகத்தான் இழுக்கும். ஆகவே இதை ±-க்குள் ஒளிக்கக் கூடாது, திருத்த வேண்டும்: 9.10 × 20 ÷ 19 = 9.58 மீட்டர்.

4. மிச்சமிருக்கும் சந்தேகம். கம்புக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள 1 மீட்டர் இடைவெளி கண் மதிப்புதான். அதில் 0.3 மீட்டர் கூடக் குறைய இருக்கலாம் என்றால், 20 மீட்டரில் அது 1.5%. அப்புறம், ஒவ்வொரு முனையையும் ஐந்தாறு முறை குறித்து, எண் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். கம்பில் 6 பிக்சல் ஆடினால் 0.9%, படகில் 10 பிக்சல் ஆடினால் 0.3%. கம்பின் நீளத்தில் 3 மில்லிமீட்டர் சந்தேகம் 0.15%. இவை ஒன்றையொன்று சாராதவை என்பதால் நேராகக் கூட்டாமல் இப்படிச் சேர்க்கிறோம்:

```
√(1.5² + 0.9² + 0.3² + 0.15²) ≈ 1.8%
```

9.58-இல் 1.8% என்பது 0.17 மீட்டர். எழுத வேண்டியது: 9.6 ± 0.2 மீட்டர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை உண்மை நீளம் இதற்குள் விழும் என்று பொருள். இதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் படிப்பவர் இதையே கடைசி எல்லை என்று நினைப்பார். 9.58 ± 0.17 என்று எழுதுவது இல்லாத துல்லியத்தைக் காட்டும்.

5. எதைச் சரிசெய்வது? √-க்குள் இருக்கும் கடைசி இரண்டு எண்களை அடியோடு நீக்கினாலும் விடை 1.7%-க்குக் கீழே இறங்காது. ஆகவே நல்ல டேப் வாங்குவதில் பயனில்லை. கம்பை நிறுத்தும் இடம்தான் முக்கியம். படகின் முன்முனைக்குக் கீழே ஒரு முறை, பின்முனையை ஒட்டி ஒரு முறை, நடுக்கோட்டிலேயே நிறுத்தி எடுங்கள். இரண்டிலும் கம்பு ஏறக்குறைய 608 பிக்சல் வந்தால் சரி, திருத்தமே வேண்டாம். 50 பிக்சல் வித்தியாசம் இருந்தால் படகு உங்களுக்குச் சுமார் 10 பாகை சாய்வாகக் கிடக்கிறது. அதனால் மட்டும் நீளம் 1.5% குறைவாக வரும். இடம் மாறி நின்று மறுபடி எடுங்கள்.