கொடைக்கானல்ல இருந்து முதல் மாரத்தான்: 12 வார பிளான்

ஜனவரியில சென்னையில மாரத்தான் ஓடணும்னு நினைக்கிற நம்ம ஊர் ஆளுங்களுக்காக இதை எழுதுறேன். அக்டோபர் நடுவுல ஆரம்பிச்சா 12 வாரம் கிடைக்கும். ஆனா ஒரு கண்டிஷன், இப்பவே நிக்காம 8லருந்து 10 கிலோமீட்டர் ஓட முடியணும், வாரத்துக்கு மூணு நாளாவது ஓடிப் பழகியிருக்கணும். அது இல்லைன்னா முதல்ல ரெண்டு மாசம் அதுக்கு ஒதுக்குங்க, ஏன்னா நெஞ்சு சீக்கிரம் பழகிடும், எலும்பும் தசைநாரும் மெதுவாத்தான் பழகும்.

வாரம் எப்படி போகணும்னா, திங்களும் சனியும் முழு ரெஸ்ட். செவ்வாயும் வெள்ளியும் 5, 6 கிலோமீட்டர் மெதுவா. புதன்கிழமை 8ல ஆரம்பிச்சு போகப்போக 12 வரைக்கும் கொண்டு போங்க. வியாழன் நடை, இல்லைன்னா வீட்லயே உட்கார்ந்து எழுந்திரிக்கிற பயிற்சி, குதிகாலைத் தூக்கி இறக்குறது, அவ்வளவு போதும். ஞாயிறு லாங் ரன். சனிக்கிழமை ரெஸ்ட்டை மட்டும் தயவுசெஞ்சு விட்டுக்கொடுக்காதீங்க, களைச்ச காலோட லாங் ரன் போனா பாதியிலயே நடை கோணலாகும், வலி அங்கதான் ஆரம்பிக்கும்.

ஞாயிறு தூரம் வாரவாரியா இதுதான், கிலோமீட்டர்ல: 13, 15, 17, 13, 20, 23, 26, 18, 30, 20, 13, பன்னெண்டாவது வாரம் ரேஸ். நாலாவது, எட்டாவது வாரத்துல குறையுது பாருங்க, அது வேணும்னே வச்சது, உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கிறதுக்கு. பயிற்சியில 42 ஓடிப் பாக்கவே வேணாம், 30 போதும், அதுக்கு மேல போனா கிடைக்கிற பலனைவிட அசதிதான் ஜாஸ்தி.

லாங் ரனுக்கு நம்ம ஏரி ரோடு மாதிரி வசதி வேற இல்ல. ஒரு சுத்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர், பெரிய ஏத்தம் கிடையாது. ஒன்பதாவது வாரம் 30ன்னா ஆறு சுத்து. விடிஞ்சு ரோடு தெளிவா தெரிஞ்சப்புறம் கிளம்புங்க, இருட்டுல காட்டுமாடு நிக்கும். லேட் பண்ணுனா குதிரையும் வாடகை சைக்கிளும் வந்துரும். தண்ணி பாட்டிலையும் பழத்தையும் ஒரே இடத்துல வச்சுட்டு ஒவ்வொரு சுத்து முடிவுலயும் ரெண்டு மூணு வாய் குடிங்க, ரெண்டாவது சுத்துல இருந்து சுத்துக்கு ஒரு மலைவாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிடுங்க, பசிக்கிற வரைக்கும் காத்திருந்தா லேட்டு. ரேஸ் அன்னைக்கும் அதையேதான் சாப்பிடப் போறீங்க, அதனால வயித்துக்கு ஒத்துக்குதான்னு இங்கயே தெரிஞ்சுக்கலாம்.

வேகத்துக்கு வாட்ச்சைப் பாக்காதீங்க. நாம 2,100 மீட்டர் உயரத்துல இருக்கோம், காத்துல ஆக்சிஜன் அழுத்தம் கம்மி, அதனால கீழ ஓடுற ஆளோட வேகம் இங்க நமக்கு வராது. பக்கத்துல ஓடுறவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியுதா, அதுதான் சரியான வேகம். ரெண்டு வார்த்தைக்கு ஒருதடவ மூச்சு வாங்குனா குறைங்க.

காட் ரோட்ல இறக்கம் ஓடுறது ஜாலியா இருக்கும், ஆனா ஒவ்வொரு அடியிலயும் தொடை தசை நீண்டுக்கிட்டே பிரேக் பிடிக்குது, வலி மறுநாளும் அதுக்கடுத்த நாளும்தான் தெரியும். ரெண்டு தொடையிலயும் பரவலா வலிச்சா பயமில்ல, ரெண்டு மூணு நாள்ல போயிடும். முன்னங்கால் எலும்புல ஒரு விரல் வச்சு இங்கதான்னு காட்டுற மாதிரி வலி, அந்த ஒத்தக் கால்ல குதிச்சா சுரீர்னு இருக்குன்னா ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க, எலும்புல கீறலா இருக்கலாம்.

ஏழாவது, பத்தாவது வார லாங் ரனை முடிஞ்சா கீழ வத்தலக்குண்டு பக்கம் சமதள ரோட்ல ஓடுங்க. ரெண்டு ஓட்டத்துல உடம்பு வெயிலுக்குப் பழகிடாது, ஆனா வேர்வை எவ்வளவு போகுது, எவ்வளவு தண்ணி வேணும்னு புரியும்.

இப்ப டேப்பர், அதாவது கடைசி மூணு வாரம் தூரத்தைக் குறைக்கிறது. ஒன்பதாவது வாரம் 6, 12, 6, 30ன்னு மொத்தம் 54. பத்துல 6, 10, 5, 20, மொத்தம் 41. பதினொண்ணுல 5, 8, 5, 13, மொத்தம் 31. ஓடுற நாள் அதேதான், தூரம் மட்டும் இறங்குது. கடைசி வாரம் செவ்வாய் 5, வியாழன் 3, அவ்வளவுதான். இந்த நேரத்துல கால் கனமா இருக்கும், பயிற்சி பத்தலையோன்னு தோணும், அதை நம்பி ஒரு 25 போட்டுப் பாக்காதீங்க, ரேஸுக்குள்ள அதோட பலன் வராது, அசதி மட்டும் மிஞ்சும். காட் ரோடு இறக்கமும் இந்த மூணு வாரம் கூடவே கூடாது.

ரேஸ் அன்னைக்கு கடல் மட்டத்துல மூச்சு லேசா வரும், வேகம் தன்னால ஏறும், அங்கதான் நம்ம ஊர்க்காரங்க ஏமாறுறது. மூச்சு லேசா இருந்தாலும் புழுக்கத்துல உடம்பு சூடாகிட்டே இருக்கும், காலும் அதே கால்தான். அதனால முதல் 10 கிலோமீட்டர் ஏரியைச் சுத்துன வேகத்துலயே போங்க, ஒவ்வொரு தண்ணி ஸ்டாலுலயும் குடிங்க, தேவைப்பட்டா அங்க ஒரு நிமிஷம் நடங்க, வேகத்தைக் கூட்டணும்னா 32 தாண்டுனப்புறம் பாத்துக்கலாம்.