முதல் இணையக் கணக்கறிக்கை: கடைசி வரியிலேயே நின்றுவிடாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் சனிக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கைப்பேசியோடு வந்து உட்காருகிறார்கள். எல்லோரும் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். பேங்க் கணக்கறிக்கையைத் திறந்து கொடுத்தால் எல்லோர் விரலும் நேரே கடைசி வரிக்குப் போகிறது. என் விரலும் முதலில் அங்கேதான் போனது. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதீர்கள் என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

மீதியை மட்டும் பார்ப்பது

பேங்க் புத்தகத்தை நிறுத்திவிட்டு இணையத்துக்கு மாறிய மாதம், பேத்திதான் என் முதல் கணக்கறிக்கையை இறக்கித் தந்தாள். மேலே 1,842.60 வெள்ளி, கீழே 1,995.70 வெள்ளி. "கூடித்தான் இருக்கு, சரிம்மா" என்று கைப்பேசியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "ஒவ்வொரு வரியா சொல்லுங்க தாத்தா" என்றாள்.

மகன் அனுப்பிய 500.00. நான் எடுத்த 300.00. அதற்குக் கீழே 46.90.

"இது என்ன?"

"ஏதாவது சார்ஜா இருக்கும்."

"எதுக்கு சார்ஜ்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் முந்தின மாதத்தைத் திறந்தாள். அங்கேயும் 46.90. அதற்கு முந்தின மாதத்திலும் அதே. மொத்தம் 11 மாதம், 515.90 வெள்ளி.

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. யாரோ ஒரு பெண் மலாயில் பேசினாள், விபத்துக் காப்புறுதி என்றாள். நான் "யா, யா" என்று சொல்லி அட்டை எண்ணையும் கொடுத்திருந்தேன். ஏமாற்று வேலை இல்லை, உண்மையான பாலிசிதான். பத்திரம் தபாலில் வந்து அலமாரியில் கிடந்தது. கையில் கிடைத்த 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருந்தால் கட்டிய பணம் திரும்பும் என்று அதிலேயே எழுதியிருந்தது. நானே சம்மதித்த பிடித்தம் என்பதால் பேங்கிலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இன்றைக்கும் எனக்கு ஆறாதது ஒன்று உண்டு. தோட்டத்தில் சம்பளத் துண்டு வந்தால் பிடித்தம் ஒவ்வொன்றையும் கிராணியிடம் நின்று கேட்டவன் நான். அரை நாள் பேர் குறைந்தாலும் விடமாட்டேன். அதே ஆள் பேங்கில் கடைசி வரியோடு நின்றுவிட்டேன். காரணமும் எனக்குத் தெரியும்: கணக்கு சரியாக வந்தது. 1,842.60-இல் 500 கூட்டி, 300-உம் 46.90-உம் கழித்தால் 1,995.70 தான். கணக்கறிக்கையின் கூட்டல் கழித்தல் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பணம் போக வேண்டியதா என்பதை அது சொல்லாது.

அதனால் இப்போது வருகிறவர்களிடம் மூன்று மாதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். ஒரே தொகை மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தேதியில் போனால் அது தானாகப் போகும் பிடித்தம். யாருக்கு, எதற்கு என்று வாயால் சொல்ல முடியாத வரிக்குப் பென்சிலால் கோடு போடுங்கள். கடைப்பெயர் அங்கே வேறு மாதிரி, பாதியோடு வெட்டுப்பட்டு இருக்கலாம். பெயர் புரியவில்லை என்று தாண்டிப் போகாதீர்கள், பேங்கில் கேளுங்கள். வேண்டாத பிடித்தத்தை அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் எழுதி நிறுத்துங்கள். அடுத்த இரண்டு மாதமும் அந்த வரி வரவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் நின்றுவிட்டது என்று நம்ப வேண்டும்.

குறி எங்கே இருக்கிறது என்று பார்க்காதது

எங்கள் பேங்கில் கூட்டல், கழித்தல் குறி எண்ணுக்குப் பின்னால் நிற்கிறது: `300.00-`, `500.00+`. முன்னால் தேடினால் கிடைக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு. `TRANSFER FR A/C` என்று வந்தால் யாரிடமிருந்தோ வந்த பணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் கணக்கிலிருந்து வெளியே போன பணம் அது. பக்கத்து வீட்டு அக்கா, மகள் அனுப்பிவிட்டாள் என்று இரண்டு நாள் நம்பியிருந்தார். சொல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், குறியைப் பாருங்கள். சில பேங்குகளில் குறி இருக்காது, வரவும் செலவும் தனித்தனிப் பத்தியில் இருக்கும்.

தேதி

வெள்ளி இரவு அட்டையில் வாங்கியது திங்களன்று பதிவாகலாம். பயப்படாதீர்கள்.

அடியில் உள்ள பொடி எழுத்து

என்னுடையதில் 21 நாள் என்று இருக்கிறது. அதற்குள் தவறைச் சொல்லாவிட்டால் கணக்கு சரி என்று எடுத்துக்கொள்வார்கள். உங்களுடையதில் எத்தனை நாள் என்று பாருங்கள்.

நீங்கள் செய்யாத பரிமாற்றம்

உடனே பேங்குக்கும், பண மோசடியைப் புகார் செய்யும் 997 எண்ணுக்கும் கூப்பிடுங்கள். பிள்ளைகள் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கைப்பேசியைக் கொடுத்துவிட்டு எழுந்து போவது

பேத்தி ஒரு வரியையும் எனக்காகப் படிக்கவில்லை. கைப்பேசியை அவள் பிடித்துக்கொள்வாள், விரல் என்னுடையது. தெரியாத எழுத்து வந்தால் மட்டும் சொல்வாள். இப்போது மாதம் பிறந்து கணக்கறிக்கை வந்ததும் நானே திறந்து, கோடு போட்ட வரிகளை மட்டும் அவளுக்குப் படம் எடுத்து அனுப்புகிறேன். போன மாதம் ஒரு கோடுதான். இந்த மாதம் ஒன்றும் இல்லை.