“ghlrhiy ehis” என்று போய்ச் சேரும் செய்தி: பாமினியில் அடித்ததை எல்லோரும் வாசிக்கும்படி அனுப்புவது எப்படி?

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு கொமியூனிகேஷன் கடையில் பாடசாலை அறிவித்தலை டைப் செய்கிறார்கள். கணினித் திரையில் தமிழ் அழகாகத் தெரிகிறது. அதை அப்படியே கொப்பி பண்ணி பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டதும், தோட்டத்தில் இருக்கும் பெற்றோரின் போனில் இப்படி விழுகிறது:

```
ghlrhiy ehis ,y;iy.
```

போனில் பிழை என்று பெற்றோர் நினைப்பார்கள். அனுப்பியவரோ தன் பக்கம் சரியாகத்தானே தெரிகிறது என்பார். போனில் எந்தப் பிழையும் இல்லை. திருத்த வேண்டியது அனுப்புபவரின் பக்கத்தில்தான் இருக்கிறது. நல்ல வேளையாக, இதில் ஓர் எழுத்துக்கூடத் தொலைந்து போகவில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

இலங்கையில் டைப்செட்டிங் செய்யும் பலர் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். பாமினி உண்மையில் ஓர் ஆங்கில எழுத்துருவின் மேல் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த வேலை. நீங்கள் j விசையை அழுத்தினால் கணினி நினைவில் வைப்பது j என்ற ஆங்கில எழுத்தைத்தான். அந்த இடத்தில் ‘த’ என்ற படத்தைக் காட்டுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. அதனால் ‘தமிழ்’ என்று நீங்கள் பார்ப்பது கோப்புக்குள் `jkpo;` என்றே கிடக்கிறது. வட்ஸ்அப்பில் எழுத்துருவைத் தெரிவு செய்ய இடமில்லை. பாமினி என்ற போர்வை விலகியதும் அடியில் இருந்த ஆங்கில எழுத்துகள் வெளியே தெரிகின்றன.

யுனிகோடில் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே ‘த’ என்ற எழுத்துக்கே தனி எண் உண்டு. எந்தப் போனில் திறந்தாலும், எந்த எழுத்துருவில் காட்டினாலும் அது ‘த’தான். ஆகவே அனுப்புபவர் செய்ய வேண்டியது, பாமினியில் கிடக்கும் வரிகளை யுனிகோடுக்கு மாற்றுவது.

முதலில், உங்கள் சிக்கல் இதுதானா என்று பாருங்கள்

வாசிக்க முடியாத செய்திகள் எல்லாம் ஒரே வகை அல்ல. பெற்றவரிடம் ஸ்கிரீன்ஷொட் கேட்டு வாங்கி, என்ன தெரிகிறது என்று பாருங்கள். ஆங்கில எழுத்துகளோடு அரைப்புள்ளிகள் நிறைய வந்தால் அது பாமினி. அரைப்புள்ளி என்பது பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி. தமிழில் மெய் வராத வசனம் அரிது என்பதால் இந்த அடையாளம் பெரும்பாலும் தப்பாது.

`à®¤à®®à®¿à®´à¯` என்பதுபோல à® திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. அனுப்பியது சரியான யுனிகோட். அதைத் திறந்த மென்பொருள்தான் பிழையான முறையில் வாசித்திருக்கிறது. மாணவர் பெயர்ப்பட்டியலை CSV கோப்பாக அனுப்பி, பெற்றவர் எக்செலில் திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். எக்செலில் `Save As` போய் `CSV UTF-8 (Comma delimited)` என்ற வகையைத் தெரிவுசெய்து மறுபடி அனுப்பினால் தீரும்.

`?????` என்று வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அந்தப் பிரதியில் தமிழ் அழிந்தே விட்டது. பெற்றவர் எதைச் செய்தும் மீட்க முடியாது. மூலத்திலிருந்து மறுபடி அனுப்புவது ஒன்றே வழி.

இனி பாமினி வழக்கைப் பார்ப்போம்.

அவசரமானால்: பிடிஎஃப்

இன்றே அறிவித்தல் போயாக வேண்டும், மாற்றி உட்கார நேரமில்லை என்றால் வேர்டில் `File` > `Save As` போய், வகையாக `PDF` என்பதைத் தெரிவுசெய்து சேமித்து அனுப்புங்கள். பிடிஎஃப் தனக்குத் தேவையான எழுத்து உருவங்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அப்படி வைத்திருக்கிறதா என்பதை அடோபி ரீடரில் `Properties` சாளரத்தின் `Fonts` பகுதியில் பார்க்கலாம். பாமினியின் பெயருக்குப் பக்கத்தில் `Embedded Subset` என்று இருந்தால் கவலை வேண்டாம்.

இது கண்ணுக்கு மட்டும் உதவும் வழி. அந்தப் பிடிஎஃபிலிருந்து ஒரு வரியைக் கொப்பி பண்ணினால் மறுபடி `ghlrhiy`தான் வரும். ‘பாடசாலை’ என்று தேடினாலும் கிடைக்காது. வேர்டு கோப்பையே போனுக்கு அனுப்புவதைத் தவிருங்கள். பாமினி இல்லாத போனில் அது பெரும்பாலும் ஆங்கிலக் குழப்பமாகவே திறக்கும்.

சரியான வழி: யுனிகோடுக்கு மாற்றுவது

ஓர் அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். பாமினியில் அடித்த மூன்று வரிகள், கோப்புக்குள் கிடப்பது இப்படி:

```
ghlrhiy ehis ,y;iy.
Rw;Wyhf; fl;lzk; 1,500
email mDg;gTk;
```

முதற்படியாக, வேர்டில் இருந்து இதைக் கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அப்படித்தான் தெரிய வேண்டும். நோட்பேடிலும் தமிழாகவே தெரிந்தால் அது ஏற்கெனவே யுனிகோட், மாற்றத் தேவையில்லை.

அடுத்து, ஒரு மாற்றியில் போடுங்கள். கணினியில் நிறுவிக்கொள்ள என்எச்எம் கன்வேட்டர் இருக்கிறது. இணையத்தில் ‘பாமினி யுனிகோட் மாற்றி’ என்று தேடினாலும் பல பக்கங்கள் கிடைக்கும். மூல எழுத்துருவாகப் பாமினியையே தெரிவுசெய்யுங்கள். பட்டியலில் வேறு பழைய எழுத்துமுறைகளும் இருக்கும், அவற்றின் விசை அமைப்பு வேறு. பிழையானதைத் தெரிவுசெய்தால் தமிழ் எழுத்துகள் வரும், ஆனால் சொல் வராது.

மேலே உள்ள மூன்று வரிகளும் மாற்றியிலிருந்து இப்படி வெளிவரும்:

```
பாடசாலை நாளை இல்லை.
சுற்றுலாக் கட்டணம் 1இ500
நஅயடை அனுப்பவும்
```

முதல் வரி சரி. இரண்டாம் வரியில் ‘1இ500’ எங்கிருந்து வந்தது? பாமினியில் காற்புள்ளி விசைதான் ‘இ’. தமிழ் அடிக்கும்போது காற்புள்ளி வேண்டுமென்றால் `>` விசையை அழுத்த வேண்டும். ஆனால் டைப் செய்தவர் தொகையை மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருக்கிறார், அதனால் உண்மையான காற்புள்ளி விழுந்திருக்கிறது. எந்த எழுத்து எந்த எழுத்துருவில் இருந்தது என்பது மாற்றிக்குத் தெரியாது. அது எல்லாவற்றையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். மூன்றாம் வரியில் `email` என்ற ஆங்கிலச் சொல் ‘நஅயடை’ ஆனதும் இதே காரணத்தால்தான்: e என்றால் ந, m என்றால் அ, a என்றால் ய, i என்றால் ஐகாரக் குறி, l என்றால் ட.

எனவே மாற்றிய பிறகு மூன்று இடங்களை விரல் வைத்துப் பாருங்கள். தொகைகள், ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரியும், பின்பு கௌரவப் பட்டங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. பாமினியில் ‘கௌ’ அடிக்க `nfs` என்று மூன்று விசைகள். ‘கெள’ என்ற இரண்டு எழுத்துக்கும் அதே மூன்று விசைகள். அதனால் சில மாற்றிகள் ‘கௌரவ’ என்பதை ‘கெளரவ’ என்று, அதாவது கெ, ள என இரண்டு எழுத்தாக மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. சந்தேகமானால் அந்தச் சொல்லின் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒவ்வொரு தடவையாக அழுத்துங்கள். ‘ள’ மட்டும் தனியே அழிந்து ‘கெ’ மிஞ்சினால் பிழை.

கலப்பு அதிகமுள்ள ஆவணமானால் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றாதீர்கள். தமிழ்ப் பந்திகளை மட்டும் ஒவ்வொன்றாக மாற்றுவது நேரம் எடுப்பதுபோலத் தெரியும். ஆனால் முழுவதையும் மாற்றிவிட்டு ஐம்பது ‘இ’க்களைத் தேடித் திருத்துவதைவிட அது விரைவு.

மாற்றிய வரிகளை வேர்டிலேயே மறுபடி ஒட்டுவதானால் வலது சொடுக்கில் `Keep Text Only` தெரிவுசெய்து, எழுத்துருவை `Nirmala UI` அல்லது `Latha` ஆக்குங்கள். பாமினியிலேயே விட்டுவைத்தால், பிறகு நீங்கள் சேர்க்கும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் உருவில் தோன்றி மறுபடி குழப்பும்.

சொல்லின் முதல் எழுத்து மட்டும் கெட்டிருந்தால்

சில வேளை மாற்றிய வரியின் தொடக்கத்தில் ‘நுாளை’ என்று ஒரு விசித்திரமான சொல் நிற்கும். வேர்டு தானாகவே வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியதன் விளைவு அது. பாமினியில் e என்றால் ‘ந’, E என்றால் ‘நு’. `ehis` என்பது `Ehis` ஆனதும் சொல் கெட்டுவிடுகிறது. வேர்டில் `File` > `Options` > `Proofing` > `AutoCorrect Options` போய் `Capitalize first letter of sentences` என்பதில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். பாமினியில் வேலை செய்யும் ஒவ்வொரு கணினியிலும் இதை முதலிலேயே நிறுத்தி வைப்பது நல்லது.

விரல் பழக்கத்தை விடாமல் யுனிகோடில் அடிக்க

பல வருடம் பாமினியில் அடித்தவர் புதிய விசைப்பலகை கற்கத் தேவையில்லை. என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளில் பாமினி விசை அமைப்பே இருக்கிறது. `j`, `k`, `p`, `o`, `;` என்ற அதே ஐந்து விசைகளை அதே வரிசையில் அழுத்தலாம், கோப்பில் விழுவது யுனிகோட் ‘தமிழ்’ ஆக இருக்கும். அதன் பிறகு மாற்றியே தேவைப்படாது. வட்ஸ்அப், மின்னஞ்சல், பேஸ்புக் எதில் ஒட்டினாலும் சரியாக நிற்கும்.

எஸ்எம்எஸ் அனுப்புவதானால்

யுனிகோடுக்கு மாற்றிய பின்னும் எஸ்எம்எஸ்ஸில் கவனிக்க ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள் கொள்ளும், தமிழில் 70 மட்டுமே. அதற்கு மேல் போனால் 67 குறிகள் கொண்ட துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தனிச் செய்தியாகக் கணக்கிடப்படும். கணக்கு எழுத்துக்கு அல்ல, குறிக்கு. ‘பாடசாலை நாளை இல்லை.’ என்பதில் நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்துகள்தான். ஆனால் கால், ஐகாரக் குறி, மெய்ப்புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்ந்து 19 குறிகள். பல பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் சேவையைப் பயன்படுத்தினால், செய்தி வகையை யுனிகோட் என்று தெரிவுசெய்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லாவிட்டால்தான் பெற்றோருக்குக் கேள்விக்குறிகள் போய்ச் சேரும்.

தமிழ் எழுத்துருவே இல்லாத பழைய பட்டன் போன்களில் எவ்வளவு சரியாக அனுப்பினாலும் வெற்றுக் கட்டங்கள்தான் தெரியும். அதை அனுப்புபவர் திருத்த முடியாது. அந்த வீடுகளின் இலக்கங்களைத் தனியே குறித்து வைத்து, அவர்களுக்கு மட்டும் `Naalai paadasaalai illai` என்று ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள், இல்லையென்றால் ஓர் அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள்.