இரண்டு ஸ்டாக்கில் ஒரு க்யூ: எப்போது கவிழ்ப்பது?
இரண்டு ஸ்டாக்கை வைத்து க்யூ செய்யும்போது, வெளியே எடுக்கும் ஸ்டாக் முழுக்கக் காலியான பிறகு மட்டும் உள்ளே போடும் ஸ்டாக்கை அதில் கவிழுங்கள்.

1, 2, 3 என்று போடுகிறோம். உச்சியில் 3 இருக்கும். ஒன்றை எடுக்கக் கேட்டதும் மூன்றையும் மறுபக்கம் மாற்றினால் வரிசை தலைகீழாகி 1 மேலே வரும், அதை எடுக்கலாம். இப்போது 4 போட்டால் அது உள் ஸ்டாக்கிலேயே காத்திருக்கட்டும். அடுத்து 2, 3 வந்து முடிந்த பிறகுதான் 4 கவிழும். அவசரப்பட்டு முன்பே கவிழ்த்தால் 2-க்கு முன்னால் 4 வந்துவிடும், எல்லாரும் ஒருமுறையாவது செய்கிற தப்பு இது.

ஒவ்வொரு உருப்படியும் ஒரே ஒரு முறைதான் இடம் மாறுகிறது, அதனால் சராசரிச் செலவு O(1). ஆனால் கவிழ்க்கும் அந்த ஒரு எடுப்பு மட்டும் O(n) ஆகும். ஒவ்வொரு எடுப்பும் குறித்த நேரத்துக்குள் முடிந்தே ஆக வேண்டிய இடத்தில் இது சரிப்படாது.