தகரம் கிழிந்தது, ஸ்க்ரூ அசையவில்லை: என் அனுபவம்

மண்டபம் ஊரில் எங்கள் தகரக் கூரை, காற்று பலத்தாலே இறவார ஓரத்தில் படபடக்கும். நடுவில் கூடுதல் ஸ்க்ரூ அடித்தேன், நீள ஸ்க்ரூ மாற்றினேன், மணல் மூட்டையும் ஏற்றினேன், நாலு நாள் வீண். ஏணி வைத்து உற்றுப் பார்த்தால், ஸ்க்ரூ மரச்சட்டத்தில் அப்படியே இருக்கிறது, தகரத்தின் ஓட்டைதான் வாஷரைச் சுற்றி முட்டை வடிவில் கிழிந்திருக்கிறது. அப்போ நீளம் பிரச்சினையே இல்லை, ஒவ்வொரு ஸ்க்ரூவும் பிடிக்க வேண்டிய தகரம்தான் அதிகம். காற்று மேலே இழுப்பது ஓரங்களில்தான் கடுமை என்பதால், அங்கே தகர அலையின் மூன்று மேட்டுக்கு ஒன்றாக இருந்த ஸ்க்ரூவை மேட்டுக்கு ஒன்றாக்கி, அகல வாஷர் போட்டேன். கிழிந்த ஓட்டையில் திரும்ப அடிக்கவில்லை.

அப்புறம் சட்டத்தையே துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையால் சுற்றி, சுவரின் கான்கிரீட் பெல்ட்டில் போல்ட் போட்டோம். இல்லையென்றால் தகரம் சட்டத்தோடு சேர்ந்தே பறக்கும். போன வாடைக் காற்றில் சத்தமே இல்லை, அப்பாடா!