கோழி வெட்டிய அரிவாள்மணையில் வெங்காயம் நறுக்காதீங்க

திருநெல்வேலிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்தால், கூடவே தயிர் வெங்காயமோ வெள்ளரிக்காயோ இருக்கும். பச்சைக் கறியில் சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கலாம். குழம்பு நன்றாகக் கொதித்து வேகும்போது அவை செத்துவிடும். வெங்காயம் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. அரிவாள்மணையிலிருந்து அதில் ஒட்டியது அப்படியே வயிற்றுக்குப் போகும். எலுமிச்சை பிழிந்தாலும் உப்புப் போட்டாலும் கிருமி போய்விடும் என்று நம்ப முடியாது.

எளிய வழி, வரிசையை மாற்றுவதுதான். முதலில் வெங்காயம், வெள்ளரி, மல்லித்தழையை நறுக்கி மூடி, தள்ளி வையுங்கள். அப்புறம் கறிப்பையைப் பிரியுங்கள். கறிக்குத் தனிப் பலகையும் கத்தியும் இருந்தால் இன்னும் நல்லது. ஒரே அரிவாள்மணைதான் என்றால், கறி வெட்டியதும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். அலகு கட்டையில் பொருந்தும் இடுக்கில்தான் கறித்துணுக்கு தங்கும், அங்கே நார் விட்டுத் தேய்க்கணும். கீறல் விழுந்த மரப்பலகையும் அப்படித்தான். சும்மா தண்ணீர் ஊற்றி அலசினால் பிசுக்கு போகாது.

கையை சோப்பால் 20 விநாடி, நக இடுக்கு வரை கழுவுங்கள். கறி பிசைந்த கையோடு குழாயைத் திறந்திருந்தால், மஞ்சள்பொடி டப்பாவைத் தொட்டிருந்தால், அவற்றையும் கழுவித் துடைக்கணும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கறியைக் கழுவினால் பக்கத்துத் தட்டுவரை தெறிக்கும். சட்டியில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசுங்கள், மேடையை சோப்பால் துடையுங்கள், அந்தத் துணியைத் துவைக்கப் போடுங்கள்.